துக்க விடுப்பு கேட்டால் மட்டும் போதாது: பணித்திறன் மதிப்பாய்வுத் தேதியையும் தள்ளிவைக்கக் கேளுங்கள்

தனியார் நிறுவன ஊழியருக்குத் துக்க விடுப்பு என்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொருந்தும் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25ஆவது பிரிவு, நியாயமான எந்தக் காரணத்துக்கும் ஆண்டுக்கு 12 நாட்கள் வரை ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பைத் தருகிறது. பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இதைக் கேட்கலாம். மேலாண்மைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.

சில நிறுவனங்களின் துக்க விடுப்பு விதிகளில் "நெருங்கிய குடும்பத்தினர்" என்ற பட்டியலில் தாத்தா, பாட்டி, மாமனார், மாமியார் இருப்பதில்லை. வளர்த்த பாட்டி இறந்தாலும் "பாலிசியில் இல்லை" என்று மனிதவளப் பிரிவு கைவிரித்துவிடும். சட்டத்தின் தற்செயல் விடுப்புக்கு அத்தகைய உறவுப் பட்டியல் கிடையாது என்பதால், தற்செயல் விடுப்பு என்றே குறிப்பிட்டுக் கேளுங்கள்.

விடுப்பு கிடைத்ததும் மதிப்பாய்வும் தானாகத் தள்ளிப்போகும் என்று நம்புவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. விடுப்பைப் பதிவது ஒரு பிரிவு, மதிப்பாய்வை நடத்துவது இன்னொருவர், இருவரும் பேசிக்கொள்வதில்லை. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஏனெனில், எழுத்துமூலம் உறுதிசெய்யும்வரை அப்பருவம் நீடிக்கும் என்று பணி நியமன ஆணைகள் பலவற்றில் ஒரு வரி இருக்கும். நீங்கள் கேட்ட ஒத்திவைப்பையே "ஊழியரின் வேண்டுகோளின்படி நீட்டிப்பு" என்று கோப்பில் எழுதிவிடுவார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: பாட்டி ஜூன் 3, புதன்கிழமை இறந்தார். மதிப்பாய்வு 5ஆம் தேதி. தகுதிகாண் பருவம் 10ஆம் தேதி முடிகிறது. பதினாறாம் நாள் கருமாதி 18ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா, என் பாட்டி இன்று காலமானார். ஜூன் 4 முதல் 9 வரை தற்செயல் விடுப்பு வேண்டுகிறேன். 5ஆம் தேதி நடக்கவுள்ள என் மதிப்பாய்வை, கருமாதி முடிந்தபின் ஜூன் 22, திங்கட்கிழமை வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்தத் தேதி மாற்றத்தால் என் தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்படாது என்பதை உறுதிசெய்யுமாறு வேண்டுகிறேன். இறப்புச் சான்றிதழைக் கிடைத்ததும் அளிக்கிறேன்."

இதை மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் "சரிப்பா, பார்த்துக்கலாம்" என்று சொன்னவர், பிறகு அப்படிச் சொன்னதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். வாட்ஸ்அப்பில் ஒப்புதல் வந்தால், அதைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். புதிய தேதியை நீங்களே சொல்லாவிட்டால், "பிறகு வைக்கலாம்" என்பது அடுத்த காலாண்டுவரை இழுக்கும். ஊதிய உயர்வும் அதோடு நிற்கும்.

சான்றிதழ் இல்லாமல் கடிதத்தைத் தொடவே மாட்டோம் என்பவர்களும் உண்டு. இறப்பைப் பதியவே சட்டம் 21 நாட்கள் தருகிறது. மரணமடைந்த மறுநாளே சான்றிதழ் கேட்பதில் பொருளில்லை. மருத்துவமனை தந்த இறப்பு அறிக்கையின் படம் இருந்தால் அதை இணைத்துவிட்டு, பதிவு முடிந்தபின் www.crstn.org தளத்தில் சான்றிதழைப் பதிவிறக்கி அனுப்பலாம்.