ஒருவர் அறையில் ஏசி, மூன்று பேர் தலையில் பில்

போன வாரம் திருகோணமலை உவர்மலையில் ஒரு வாடகை வீட்டுக் குசினி மேசையில் கரண்ட் பில்லை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே மூன்று பிள்ளைகள். ஒருத்தி வங்கியில் வேலை, ஒருத்தி தாதி, மற்றவள் கோணேசபுரி வளாகத்தில் படிப்பிக்கிறாள். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல் என்னோடு மட்டும் பேசினார்கள். இந்த வருடம் இப்படி நான் போய் உட்கார்ந்த நான்காவது வீடு இது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் தொழில் கணக்கு. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்கள் சிலருக்காக வாடகை வாங்கிக் கொடுப்பதும் பில் கட்டுப்பட்டதா என்று பார்ப்பதும் என் வேலையில் சேரும். வீட்டுக்குள் யார் எவ்வளவு போடுகிறார்கள் என்பது எனக்குச் சம்பந்தமில்லாத விஷயம். ஆனால் ஒருவர் கோபித்துக்கொண்டு முற்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது அது என்னிடம்தான் வருகிறது. வந்தபின் விசாரித்தால் சண்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் தொடங்கியிருக்கும்.

முதலில் வாடகை. வீட்டுக்கு மாதம் 45,000 ரூபாய். பெரிய அறை, சேர்ந்த குளியலறையோடு 180 சதுர அடி. நடு அறை 120, சின்ன அறை 100. ஹோல், குசினி, பொதுக் குளியலறை, விறாந்தை எல்லாம் சேர்த்து 500. முதல் ஆறு மாதம் ஆளுக்கு 15,000 போட்டார்கள். பிறகு சின்ன அறைக்காரி, அந்தத் தாதிப் பிள்ளை, இது நியாயமில்லை என்று சொல்ல, அறைகளின் அளவை வைத்து முழு வாடகையையும் பிரித்தார்கள். பெரிய அறைக்கு 20,250, நடு அறைக்கு 13,500, சின்னதுக்கு 11,250. இப்போது பெரிய அறைக்காரிக்கு வயிற்றெரிச்சல். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: "ஹோலிலும் குசினியிலும் நான் கூட இடமா பிடிக்கிறேன், அக்கா?"

அறை அளவு அறைக்குத்தான் பொருந்தும். பொது இடத்தை எல்லோரும் ஒரே மாதிரி பாவிக்கிறார்கள், ஆகவே அதன் வாடகை சமமாகப் போக வேண்டும். வீடு மொத்தம் 900 சதுர அடி, ஆகச் சதுர அடிக்கு 50 ரூபாய். பொது இடத்துக்கு 25,000, அது ஆளுக்கு 8,333. அறைகளுக்கு முறையே 9,000, 6,000, 5,000. கூட்டினால் பெரிய அறைக்கு 17,333, நடு அறைக்கு 14,333, சின்ன அறைக்கு 13,333. மிச்ச ஒரு ரூபாயை யாராவது போடுங்கள்.

இதுவும் ஆரம்பக் கணக்குத்தான். மேற்குப் பக்கச் சுவர் பின்னேரம் முழுக்க வெயில் குடிக்கிற அறையும், கடல் காற்று நேரே வருகிற அறையும் ஒரே அளவாக இருந்தாலும் ஒன்றல்ல. அதைச் சரிபார்க்க நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: இந்த விலைக்கு மற்றவரின் அறையை எடுத்துக்கொள்வீர்களா? எல்லோரும் ஒரே அறையைக் கேட்டால் அதன் விலை குறைவாக இருக்கிறது. ஐந்நூறு ஐந்நூறாக அதைக் கூட்டி, மற்றவற்றைக் குறைத்துக்கொண்டு போங்கள். யாருக்கும் மாற விருப்பமில்லாத இடத்தில் நிறுத்துங்கள். உவர்மலைப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் இதை முடித்துவிட்டார்கள்.

மிச்ச ஒன்றரை மணி நேரமும் கரண்ட் பில்லுக்குப் போனது.

கச்சான் காற்று தொடங்கிய பிறகு பெரிய அறையில் ஏசி ஓடத் தொடங்கியிருக்கிறது. பன்னிரண்டாயிரம் பீடீயூ ஏசி, இரவில் எட்டு மணி நேரம். அந்த அறைக்காரியான வங்கிப் பிள்ளை நேர்மையானவள். ஏசியின் யூனிட்டை மட்டும் தனியாகக் காட்டுகிற ஒரு சப் மீட்டரைத் தன் செலவில் போட்டிருந்தாள். அந்த மாதம் சப் மீட்டரில் 120 யூனிட். பில்லில் மொத்தம் 230. அப்படியானால் வீட்டின் மற்றப் பாவனை, அதாவது குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், மின்விசிறிகள், விளக்கு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் சேர்த்து, 110. அவள் மொத்தப் பில்லை 230ஆல் வகுத்து, வந்த விலையை 120ஆல் பெருக்கி, "இதோ என் ஏசிக் காசு" என்று வைத்தாள். மற்ற இருவருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. அதனால் வேறு காரணங்களைச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள்.

தயவுசெய்து இதைக் கவனமாக வாசியுங்கள். எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை இல்லை. இதைத்தான் நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். சந்தையில் மீன் வாங்குவது போல இரண்டு கிலோவுக்கு இரண்டு மடங்கு என்று கரண்ட் பில்லில் வராது. நம் நாட்டில் வீட்டுப் பாவனைக்குப் படிப்படியாகத்தான் விலை ஏறுகிறது. மாதம் 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 60, 90, 120, 180 என்று படிகள். ஒவ்வொரு படியைத் தாண்டியதும் அதற்கு மேல் வருகிற யூனிட்டின் விலை கூடுகிறது. அது மட்டுமில்லை, மாதாந்த நிலையான கட்டணமும் நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஏறுகிறது. இந்த இரண்டாவது ஏற்றத்தை எவரும் கவனிப்பதில்லை.

அந்த வீட்டுப் பில்லை அப்படியே போட்டுக் காட்டுகிறேன். விலைகளை முழு ரூபாயாக்கி, வரியை விட்டுவிட்டு எழுதுகிறேன். விலை அடிக்கடி மாறுவதால் உங்கள் பில்லில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 60 யூனிட்டுக்கு 13 ரூபாய் வீதம் 780. அடுத்த 30க்கு 19 வீதம் 570. அடுத்த 30க்கு 24 வீதம் 720. அடுத்த 60க்கு 41 வீதம் 2,460. 180க்கு மேலே போன 50 யூனிட்டுக்கு 61 வீதம் 3,050. நிலையான கட்டணம் 2,100. மொத்தம் 9,680 ரூபாய்.

இப்போது ஏசி இல்லை என்று வையுங்கள். 110 யூனிட். 780, 570, பிறகு 20 யூனிட்டுக்கு 480, நிலையான கட்டணம் 1,000. மொத்தம் 2,830 ரூபாய்.

வித்தியாசம் 6,850. அந்த 120 யூனிட்டின் உண்மையான செலவு இதுதான். யூனிட்டுக்கு 57 ரூபாய். வங்கிப் பிள்ளை வகுத்து எடுத்த சராசரி விலையோ 42. அவள் கணக்கில் ஏசிக்கு 5,050 வந்தது. மிச்சம் 4,630ஐ மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 1,543. ஏசி இல்லாவிட்டால் ஆளுக்கு 943தான் வந்திருக்கும். ஏசிக் காற்றே படாத இரண்டு பேர் மாதம் 600 ரூபாய் கூடக் கட்டியிருக்கிறார்கள். அவர்கள் ஒரு மின்விசிறியைக்கூடக் கூடப் போடவில்லை. ஏசி வீட்டை மேல் படிக்கு ஏற்றியது, ஏறிய விலையின் ஒரு பகுதி அவர்கள் தலையில் விழுந்தது.

சப் மீட்டர் இல்லாமல் மொத்தத்தை மூன்றாகப் பிரிக்கிற வீடுகளைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. இதே பில்லில் ஆளுக்கு 3,227 வரும். பகலில் தூங்கி இரவு வேலைக்குப் போகிற தாதிப் பிள்ளையிடம் அதைக் கேட்பது பெரிய அநியாயம்.

வங்கிப் பிள்ளை ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "அக்கா, அந்த மலிவான முதல் 60 யூனிட்டில் எனக்கும் பங்கு இருக்குத்தானே? என் ஏசியை மட்டும் ஏன் விலை கூடின படியில் வைக்கிறீங்க?" பங்கு இருக்கிறது, தங்கச்சி. அந்தப் பங்கு பொதுவான 110 யூனிட்டுக்குள்ளேயே உனக்கு வந்துவிட்டது. 2,830இல் மூன்றில் ஒன்று, மற்ற இருவர் கட்டுகிற அதே 943தான் உனக்கும். அதற்கு மேலே உன் ஏசியால் வந்தது 6,850. ஆக உன் பங்கு 7,793, அவர்களுக்கு 943 வீதம். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப நான் இரவு முழுக்கப் போடத் தேவையில்லை" என்றாள். உண்மைச் செலவு அவள் கைக்கு வந்தபோதுதான் அந்த யோசனையும் வந்தது.

ஆகவே வழி இதுதான். பில்லை இரண்டு தரம் போடுங்கள், ஏசியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை. வித்தியாசம் ஏசிக்காரருடையது, மிச்சம் எல்லோருக்கும் சமம். இரண்டு அறைகளில் ஏசி இருந்தால் அந்த வித்தியாசத்தை இரண்டு சப் மீட்டர்களின் யூனிட் விகிதத்தில் அவர்கள் இருவரும் பிரித்துக்கொள்ளலாம். யார் முதலில் வாங்கினார்கள் என்ற பேச்சு வேண்டாம்.

சப் மீட்டரை எலக்ட்ரீஷியனைக் கொண்டு, வீட்டுக்காரரிடம் கேட்டு, ஏசிக்குப் போகிற தனி வயரில் போடுங்கள். நீங்களே கழற்றிப் பூட்டாதீர்கள். வாசிப்பு எடுக்கிற நாள் முக்கியம். வீட்டின் பெரிய மீட்டரை வாசிக்க வருகிற அன்றே சப் மீட்டரையும் படம் எடுத்து வையுங்கள். ஒரு வீட்டில் சப் மீட்டரை முதலாம் தேதியும் பெரிய மீட்டரைப் பத்தாம் தேதியும் பார்த்துவிட்டு, ஒன்பது நாள் ஏசி எங்கே போனது என்று சண்டை பிடித்தார்கள். பில்லில் எத்தனை நாள் என்றும் பாருங்கள். 30 நாளைத் தாண்டினால் படிகளின் அளவும் அதற்கேற்பக் கூடும், இரண்டு தரம் போடும்போதும் அதே நாட்களையே வைக்க வேண்டும்.

ஏசியின் பெட்டியில் எழுதியிருக்கிற வாட்ஸை மணி நேரத்தால் பெருக்கிக் கணக்குப் பார்க்க வேண்டாம். அறை குளிர்ந்ததும் இயந்திரம் ஓய்ந்து ஓய்ந்து ஓடும். அந்தக் கணக்கு எப்போதும் பிழையாகத்தான் வரும்.

மடிக்கணினி, போன் சார்ஜர், இன்னொரு மின்விசிறி என்று ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்துக் கணக்கு வைக்காதீர்கள். குளிராக்குவதும் சூடாக்குவதும்தான் பில்லை ஏற்றும். தனி அறையில் ஏசி, தண்ணீர் சூடாக்கி, மின்சார அடுப்பு இருந்தால் மட்டும் தனியாகப் பாருங்கள். மற்றதெல்லாம் சமமாகப் போகட்டும்.

பில்லின் அடியில் இருக்கிற மொத்தத் தொகையைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்காதீர்கள். அதில் கட்டாத பழைய மீதியும் சேர்ந்திருக்கும். புதிதாக வந்தவர் தான் வருவதற்கு முன்னைய கரண்ட் காசைக் கட்டிய வீடு ஒன்று எனக்குத் தெரியும். அந்த மாதத்துக்குரிய கட்டணம் தனியாக இருக்கும், அதை எடுங்கள்.

ஒரு மாதம் ஊருக்குப் போனவரும் பொதுப் பங்கைக் கட்டத்தான் வேண்டும். குளிர்சாதனப் பெட்டியும் நிலையான கட்டணமும் அவருக்காக நிற்காது. இதையும் அறை விலையையும் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுக் குசினிக் கதவில் ஒட்டச் சொன்னேன். போன மாதங்களில் மற்ற இருவரும் கூடக் கட்டிய காசை வங்கிப் பிள்ளை மூன்று தவணையில் திருப்பித் தருவதாக எழுதினாள். தாதிப் பிள்ளை முற்பணம் கேட்டு எழுதிய கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. மாத முடிவுவரை அதில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.