ஆதாரத்துக்குக் கொடுத்த மதிப்பெண் குரலுக்குப் போனது எப்படி?

கடலூர் வட்டாரப் பள்ளிகளில் மாணவர் விளக்கவுரைகளுக்கு நடுவராகச் சில ஆண்டுகளாக அமர்ந்து வருகிறேன். அவற்றில் ஒரு போட்டிக்குப் பின்னர்தான் மதிப்பீட்டுப் படிவத்தை முழுவதுமாக மாற்றி எழுத வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன்.

அன்று எங்களுக்குத் தரப்பட்ட படிவத்தில் தெளிவு 10, கட்டமைப்பு 10, ஆதாரம் 10 என்று மூன்று வரிகள் மட்டுமே இருந்தன. 2011 டிசம்பர் 30-ல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலைப் பற்றி இரண்டு மாணவர்கள் பேசினார்கள். மாணவன் கணீரென்ற குரலில், திரையில் படங்களை ஓடவிட்டு, முந்திரி மரங்கள் லட்சக்கணக்கில் விழுந்தன என்றான். அந்தக் கணக்கு யாருடையது என்று கடைசி வரை சொல்லவில்லை. மாணவியோ தாழ்ந்த குரலில், பண்ருட்டிக்கு அருகே தன் ஊரில் நான்கு முந்திரி விவசாயிகளைச் சந்தித்து, புயலுக்கு முன் எத்தனை மரங்கள் இருந்தன, பின் எத்தனை நின்றன என்று தோப்பு வாரியாகக் கேட்டு எழுதி வந்திருந்தாள். இது நான்கு தோப்புகளின் கதைதான், மாவட்டத்துக்கே பொருந்தும் என்று சொல்ல முடியாது என்றும் அவளே குறிப்பிட்டாள்.

ஆதாரத்தில் மாணவனுக்கு 8, மாணவிக்கு 5 என்று என் சக நடுவர் போட்டிருந்தார். காரணம் கேட்டபோது, "பையன் நல்லா பேசினான் சார், ஆதாரமும் நிறைய இருந்த மாதிரிதான் தோணுச்சு" என்றார். அவர் நேர்மையானவர், தவறு படிவத்தில் இருந்தது. எட்டுக்கும் ஐந்துக்கும் என்ன பொருள் என்று படிவம் சொல்லாதபோது, ஒரு கூறில் உண்டான நல்லெண்ணம் மற்றக் கூறுகளுக்கும் பரவிவிடுகிறது.

இப்போது நான் பயன்படுத்தும் படிவத்தில் ஒவ்வொரு கூறுக்கும் நான்கே நிலைகள்தான் உண்டு. பத்து என்று வைத்தால் ஆறுக்கும் ஏழுக்கும் வேறுபாட்டை யாராலும் சொல்லில் எழுத முடியாது. ஐந்து என்று வைத்தால் தயங்குகிறவர்கள் நடுவில் உள்ள மூன்றில் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆதாரத்துக்கு நிலைகள் இப்படி அமைகின்றன: கூற்று மட்டும் இருந்தால் 1, எண்ணோ படமோ இருந்தும் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டால் 2, முக்கியக் கூற்றுக்கு யார், எங்கே, எப்போது என்ற விவரம் சொல்லப்பட்டு, அது கூற்றோடு பொருந்தியிருந்தால் 3, அதற்கு மேல், அந்த ஆதாரத்தின் எல்லையையும் மாணவர் சொல்லிவிட்டால் 4. இந்தக் கணக்கில் மாணவனுக்கு 2, மாணவிக்கு 4.

இதில் கவனிக்க வேண்டியது, நிலைகளில் "போதிய", "சிறந்த", "ஓரளவு" போன்ற சொற்கள் வரவே கூடாது என்பதுதான். முதல் வரைவில் நானும் "போதிய ஆதாரம்" என்றே எழுதியிருந்தேன். எது போதியது என்பதில் இருவர் ஒத்துப்போகவே இல்லை. நடுவர் காதால் கேட்டு, தாளில் எழுதிக் காட்டக்கூடிய ஒன்றாக ஒவ்வொரு நிலையும் இருக்க வேண்டும்.

கட்டமைப்புக்கு ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறேன். பேச்சு முடிந்ததும் நடுவர் ஒவ்வொருவரும் அதன் மையக் கூற்றைத் தனித்தனியே ஒரே வாக்கியத்தில் எழுதுகிறோம். வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருந்தால் பேச்சில்தான் கோளாறு. தெளிவுக்கு, கடைசி வரிசையில் கேட்டதா, கடினச் சொல் விளக்கப்பட்டதா என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறோம். ஊர் வழக்கில் பேசினால் மதிப்பெண் குறையாது என்று படிவத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்; அப்படி எழுதாத வரை கடலோரக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அரை மதிப்பெண்ணாவது இழந்துகொண்டிருந்தார்கள்.

படிவம் தயாரானதும் நேராகப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. முந்தைய ஆண்டில் பதிவுசெய்த ஒரு விளக்கவுரையை எல்லா நடுவரும் பார்த்து, பேசிக்கொள்ளாமல் மதிப்பிட்டு, பிறகு தாள்களை அருகருகே வைக்க வேண்டும். வேறுபாடு வந்த இடத்தில், யார் சரி என்று வாதிடுவதைவிட, நிலையில் எந்தச் சொல்லை இருவரும் வேறாகப் படித்தோம் என்று தேடுவதே பலன் தரும். போட்டியின்போது ஒரே கூறில் இரண்டு நிலை வேறுபட்டால், சராசரி எடுக்காமல் குறிப்புகளைப் படித்துப் பார்க்கிறோம். பெரும்பாலும் ஒருவர் எழுதத் தவறிய ஒரு விவரம் மற்றவர் குறிப்பில் இருக்கும்.

மாணவர் சொன்ன விவரம் உண்மையா என்பதை மட்டும் இந்தப் படிவத்தால் காட்ட முடியாது. அதனால் மூன்றோ நான்கோ கொடுக்கும் முன், "இந்த எண்ணை யாரிடம், எப்படிக் கேட்டாய்?" என்று ஒரு கேள்வி கேட்கிறோம். அந்த மாணவியிடம் கேட்டிருந்தால், தோப்புக்காரர்களின் பெயர்களோடு தன் நோட்டைத் திறந்து காட்டியிருப்பாள்.