'குளிர் தொடக்கம்' என்று யார் சொன்னது? – ஒரு சொல் விளக்கம்

போன வாரம் காரை சர்வீஸுக்கு விட்டபோது கையில் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள். வழவழப்பான தாள், நல்ல அச்சு. அதில் ஐந்தாவது குறிப்பு: "குளிர் தொடக்கங்களைத் தவிர்க்கவும், அவை அதிக மாசை உண்டாக்கும்." என் பக்கத்தில் காத்திருந்த பெரியவர் அதைப் படித்துவிட்டு, "இது ஊட்டிக்காரங்களுக்குப் போட்டதுங்க" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே மே மாத வெயில்.

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. தமிழ் தெரிந்த எவரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். வெகுநேரம் நின்ற வண்டியின் எஞ்சினைக் கிளப்புவதை ஆங்கிலத்தில் 'கோல்ட் ஸ்டார்ட்' என்பார்கள். அதைக் குளிர் தொடக்கம், குளிர்ந்த தொடக்கம், தண்தொடக்கம் என்று எழுதுவதை எத்தனையோ இடத்தில் பார்த்தாயிற்று. ஒரு கட்டுரையில் 'குளிர்காலத் தொடக்கம்' என்றே இருந்தது. அதைப் படித்தால் கார்த்திகை மாதம்தான் நினைவுக்கு வரும்.

முதலில் வேரைப் பார்த்துவிடலாம். ஆங்கில 'கோல்ட்' பழைய ஜெர்மானியச் சொல். உறைபனியைக் குறிக்கும் லத்தீன் 'கெலு'வும் அதுவும் ஒரே குடும்பம். பனிக்கும் ஆறிப்போன காப்பிக்கும் ஆங்கிலேயர் அந்த ஒரு சொல்லையே வைத்து ஓட்டுகிறார்கள். நாம் அப்படி இல்லை. மார்கழிக் காற்று குளிரும், பானைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும், ஆனால் காப்பி ஆறும். சோறு ஆறும், இட்லி ஆறும், புண் ஆறும், சினமும் ஆறும். சூடாக இருந்த ஒன்று சூட்டை இழப்பதுதான் ஆறுதல். 'காப்பி குளிர்ந்துவிட்டது' என்று ஒருவர் சொன்னால் அதில் ஐஸ் போட்டிருக்கிறார் என்றுதான் நினைப்போம்.

இனி எஞ்சினுக்கு வருவோம். 'கோல்ட் ஸ்டார்ட்' என்பதில் உள்ள 'கோல்ட்', குளிரா ஆறலா? இதற்குத் தர்க்கம் வேண்டாம், ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். அமெரிக்காவின் நகர ஓட்டச் சோதனையில் காரை 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் அறையில் குறைந்தது 12 மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு கிளப்பி, அந்த நொடியிலிருந்தே புகையைச் சேகரிக்கிறார்கள். அந்த 'கோல்ட்' நம் ஊரில் மின்விசிறி போட்டுக்கொண்டு உட்காரும் வெப்பநிலை. அதில் குளிர் எங்கே இருக்கிறது? எஞ்சின் ஆறிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த 12 மணி நேரக் காத்திருப்புக்கு ஆங்கிலத்தில் 'சோக்' என்று பெயர். பைக்கில் இழுக்கிற சோக் இல்லை, இது ஊறவைக்கிற சோக். ஒரு மொழிபெயர்ப்பில் 'வாகனத்தை 12 மணி நேரம் ஊறவைத்து' என்று இருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். உளுந்து மாதிரி! 'ஆறவிட்டு' என்று எழுதியிருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.

ஆறின எஞ்சினுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதைச் சொல்லாமல் சொல்லை மட்டும் திருத்துவது நியாயமில்லை. பெட்ரோல் எரிய வேண்டுமானால் முதலில் ஆவியாக வேண்டும். உலோகம் ஆறிக்கிடக்கும்போது தெளிக்கிற பெட்ரோலில் ஒரு பகுதி காற்று உள்ளே வரும் குழாயின் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்கிறது. மிச்சம் ஆவியாவது போதாமல் எஞ்சின் அணைந்துவிடக் கூடாதே என்று தேவைக்கு மேல் பெட்ரோலை விடுகிறார்கள். பழைய பைக்கில் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து நாம் செய்த வேலையை இன்று எஞ்சின் கணினி நமக்குச் சொல்லாமல் செய்கிறது. பெட்ரோல் அதிகம், காற்று போதாது. பாதி எரிந்தது கார்பன் மோனாக்சைடாகவும், எரியாதது ஹைட்ரோகார்பனாகவும் வெளியே வருகிறது.

அது வந்தாலும் பரவாயில்லை, புகைக்குழாயில் ஒரு காவலாளி இருக்கிறார்: வினையூக்கிப் பெட்டி. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற கல். சூடேறிவிட்டால் வருகிற நச்சில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் மாற்றிவிடும். ஆனால் சுமார் 250, 300 டிகிரி வரும்வரை அது தூங்குகிறது. எஞ்சின் அதிகமாகக் கக்குகிற நேரமும் காவலாளி தூங்குகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிடுவதுதான் சிக்கல். நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் கார் ஒரு பயணத்தில் விடுகிற கார்பன் மோனாக்சைடிலும் ஹைட்ரோகார்பனிலும் பெரும்பங்கு அந்த முதல் ஓரிரு நிமிடத்துக்குள் வெளியேறிவிடுகிறது.

(அது விழித்துக்கொள்கிற வெப்பநிலையை ஆங்கிலத்தில் 'லைட்-ஆஃப்' என்பார்கள். தமிழில் 'ஒளி அணைப்பு வெப்பநிலை' என்று எழுதிய புண்ணியவானும் உண்டு. பொருள் நேர் எதிர். விறகு பற்றிக்கொள்வது மாதிரி வினை பற்றிக்கொள்கிறது. 'பற்றும் வெப்பநிலை' என்றால் அடுப்பு மூட்டிய எவருக்கும் விளங்கும்.)

நம்பிக்கை வராவிட்டால் இரவு முழுக்க நின்ற காரைக் காலையில் கிளப்பிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். குழாய் நுனியில் நீர் சொட்டும். புகையில் உள்ள நீராவி ஆறின இரும்பில் பட்டுத் தண்ணீராகிறது. மூக்கில் லேசாகப் பெட்ரோல் நெடி அடிக்கும். முன்னால் டேஷ்போர்டில் சுழற்சி முள் 1,200-ஐ ஒட்டி நின்று, பிறகு மெல்ல 800 பக்கம் இறங்கும். அந்த முதல் உறுமல் கோளாறு இல்லை. தீப்பொறியைத் தாமதமாக விட்டு, சூடான புகையை வினையூக்கிக்கு அனுப்பி, கணினி அதை எழுப்பிக்கொண்டிருக்கிறது.

இப்போது கிலோமீட்டர் கணக்கு. பாரத் நிலை 6 விதிப்படி பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 1 கிராம் கார்பன் மோனாக்சைடுக்கு மேல் விடக் கூடாது. நம் சோதனை ஓட்டம் சுமார் 11 கிலோமீட்டர், அதுவும் ஆறின எஞ்சினில்தான் தொடங்குகிறது. கணக்குக்காக ஒரு காரை நானே கற்பனை செய்கிறேன்: ஆறிய நிலையில் கிளப்பினால் கூடுதலாக 8 கிராம், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 0.2 கிராம். சோதனையில் மொத்தம் 10.2 கிராம், 11-ஆல் வகுத்தால் 0.93. தேறிவிட்டது! அதே கார் 20 கிலோமீட்டர் போனால் கிலோமீட்டருக்கு 0.6. தெருமுனைக்கு 1 கிலோமீட்டர் போனால் 8.2. காரில் எந்த மாற்றமும் இல்லை. அந்த 8 கிராமைப் பங்குபோட்டுக்கொள்ளக் கிலோமீட்டர்கள் இல்லை, அவ்வளவுதான். புகைச் சான்றிதழ் எடுக்கும் இடத்தில் இது தெரியாது, ஏனென்றால் அங்கே எஞ்சினைச் சூடாக்கிவிட்டுத்தான் குழாயில் கருவியைச் செருக வேண்டும்.

என் நண்பர் ஒருவர், தூய தமிழ்ப் பற்றாளர், 'தண்தொடக்கம்' அவருடைய ஆக்கம். "குளிர் நாட்டில் இது இன்னும் மோசம்தானே? அப்புறம் குளிர் என்று சொன்னால் என்ன குறை?" என்றார். மோசம்தான். ஐரோப்பாவில் இதற்கென்றே மைனஸ் 7 டிகிரியில் தனிச் சோதனை வைத்திருக்கிறார்கள். ஆனால் அது அளவில்தான் வேறுபாடு. வினையூக்கிக்குத் தேவை 300 டிகிரி என்னும்போது, மதுரையில் 40 டிகிரியில் நிற்கிற காரும் ஆறின கார்தான். 'குளிர்' என்றதும் அந்த மதுரைக்காரர் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுகிறார். 'தண்' இன்னும் மோசம். தண்ணீர், தண்ணிலவு, தண்டமிழ் என்று இனிமையான இடத்தில் புழங்கும் சொல் அது. பெட்ரோல் நெடிக்கு முன்னால் கொண்டுபோய் அதை ஒட்டலாமா? பழஞ்சொல் என்பதாலேயே ஒரு சொல் பொருந்திவிடாது. இதைச் சொன்னதும் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு ஆறிவிட்டார்.

'ஆறு' என்ற வினைக்கு இன்னொரு வசதியும் உண்டு: எது ஆறியது, எவ்வளவு ஆறியது என்று கேட்கலாம். எஞ்சினை நிறுத்திய பிறகு அது மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும், வினையூக்கி அதைவிடச் சீக்கிரம் ஆறிவிடும். அதனால்தான் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் பழைய மாசுக் கணக்கீட்டில், வினையூக்கி இல்லாத வண்டிக்கு 4 மணி நேர ஓய்வுக்குப் பின் கிளப்பினால்தான் 'கோல்ட்', வினையூக்கி உள்ளதற்கு 1 மணி நேரமே போதும். கடைக்குப் போய் ஐந்து நிமிடத்தில் திரும்பினால் இரண்டாவது முறை அந்த 8 கிராம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கதை பேசினால் உண்டு. 'அரைகுறையாய் ஆறியது' என்று தமிழில் இயல்பாகச் சொல்லலாம். 'அரைகுறையாய்க் குளிர் தொடங்கியது' என்று சொல்லிப் பாருங்கள்.

'தொடக்கம்' மேலும் எனக்கு வழக்கு உண்டு. விழா தொடங்கும், பள்ளி தொடங்கும், யாரும் வண்டியைத் தொடங்குவதில்லை. ஸ்டார்ட் பண்ணுவோம், அல்லது கிளப்புவோம். 'முடுக்கு' நல்ல சொல்தான், ஆனால் முடுக்கம் என்பதை இயற்பியல் பாடநூல் வேறு பொருளுக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. 'இயக்கம்' என்றால் ஓட்டம் முழுதும் அதில் அடங்கிவிடும். எனவே 'கிளப்பல்'. ஊறுகாய் போல வினைத்தொகையாக 'ஆறுகிளப்பு' என்று ஆக்கிப் பார்த்தேன், வீட்டில் "அஞ்சாவது கிளப்பு எங்கே?" என்று கேட்டார்கள். விட்டுவிட்டேன். சுருக்கத்துக்காகத் தெளிவை விற்க வேண்டியதில்லை: 'ஆறிய எஞ்சின் கிளப்பல்'. மூன்று சொல், இருக்கட்டும். எதிர்ச்சொல் 'சூட்டுக் கிளப்பல்'.

இதில் என் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே சர்வீஸ் இடத்தில், அந்தத் தாள் அடுக்கி வைத்திருந்த மேசைக்கு நான்கடி தள்ளி, ஒரு பையன் பானட்டைத் திறந்து வைத்துவிட்டு மூத்த மெக்கானிக்கைக் கூப்பிட்டான். அவர் சைலன்சர் பக்கம் கையைக் காட்டிவிட்டு, "இன்னும் ஆறலடா, ஒரு மணி நேரம் கழிச்சுத் தொடு" என்றார். துண்டறிக்கையை எழுதியவர் எழுந்து வந்து அவரிடம் கேட்டிருந்தால் ஐந்தாவது குறிப்பு இப்படி இருந்திருக்கும்: "ஆறிய எஞ்சினைக் கிளப்பி ஒரு கிலோமீட்டருக்குள் நிறுத்துவதைத் தவிருங்கள். கோடையிலும்தான்."