கூரை ஷீட்: போட்டோவில் தெரிவதும் தெரியாததும்

மாடியில் ஷெட் போட்டவர்கள் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி, "இது என்ன ஷீட் சார், சதுர அடி என்ன வரும்?" என்று கேட்பார்கள். முதல் கேள்விக்குப் போட்டோவே பதில் சொல்லிவிடும். இரண்டாவதற்குப் பாதிதான் சொல்லும்.

நான் முதலில் பார்ப்பது கூரையின் கீழ் ஓரத்தை. ஓரம் அரை சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாகத் தெரிந்து, மேட்டுக்கு மேடு ஆறு அங்குலம் போல வளைவு இருந்தால், மேலே பெயின்ட் அடித்திருந்தாலும் அது சிமென்ட் ஷீட். பழையது என்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. மூன்று அங்குலத்துக்கு ஒரு சின்ன வளைவு, மெல்லிய ஓரம் என்றால் ஜிஐ ஷீட். தட்டையான தளமும், இடையிடையே கோண வடிவ மேடும் இருந்தால் இப்போது எங்கும் போடுகிற கலர் ஷீட்.

கலர் ஷீட்டில் மேடுகளை எண்ணினாலே அகலம் கிடைத்துவிடும். அண்மையில் வந்த ஒரு படத்தில் 46 மேடுகள், அதாவது 45 இடைவெளி. ஒரு இடைவெளியை டேப் வைத்து அளக்கச் சொன்னேன்: 200 மி.மீ. ஆக அகலம் 9 மீட்டர், சுமார் 29.5 அடி. சரிவு நீளம் 18 அடி. கூரை 531 சதுர அடி.

பில்லில் 567 இருந்தது. அது ஏமாற்று அல்ல. ஷீட்டின் முழு அகலம் 3.5 அடி; பக்கத்து ஷீட்டின் மேல் ஒரு மேடு ஏறி உட்கார்வதால் மூடுவது 1 மீட்டர்தான். கடைக்காரர் முழு அகலத்துக்குக் கணக்குப் போடுகிறார்: 9 ஷீட் × 18 × 3.5. சதுர அடி 50 ரூபாய் என்றால் 28,350. மூடிய பரப்புக்கு வகுத்தால் 53 ரூபாய்க்கு மேல் வருகிறது. இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது எந்த அகலத்துக்குக் கணக்கு என்று கேட்காவிட்டால் விலை மலிவாகத் தெரிவது வெறும் தோற்றமாகிவிடும். இது ஷீட்டுக்கு மட்டும். இரும்பு ட்ரஸ், பர்லின், கூலி எல்லாம் சேர்த்தால் இதைப்போல மூன்று நான்கு மடங்குகூட ஆகும்.

போட்டோ சொல்லவே சொல்லாதது கனம். 0.50 மி.மீ. ஷீட்டும் 0.40 ஷீட்டும் படத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரும்பின் அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விலையிலும் கிட்டத்தட்ட அவ்வளவு குறைய வேண்டும். மேலே சொன்ன கூரையில் அது ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல். ஸ்க்ரூவைச் சுற்றிக் குழிந்திருந்தால் மெல்லிய ஷீட்டோ என்று சந்தேகப்படலாம். ஸ்க்ரூவை அதிகம் முறுக்கினாலும் அப்படிக் குழியும் என்பதால் அதை வைத்து முடிவு செய்யக்கூடாது.

எடைதான் உறுதியான வழி. 18 அடி ஷீட் 0.50 என்றால் சுமார் 24 முதல் 26 கிலோ வரும், 0.40 என்றால் 19 முதல் 21. ஷீட்டின் அடிப்பக்கத்தில் கனமும் கம்பெனிப் பெயரும் அச்சிட்டிருந்தால் அதையும் படம் எடுங்கள். வண்டியிலிருந்து இறக்கும்போதே ஒரு ஷீட்டைத் தராசில் வைத்துவிடுங்கள். மேலே ஏற்றி ஸ்க்ரூ அடித்த பிறகு எடை போட வழியில்லை. ஓரத்தில் மைக்ரோமீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.