வண்டிச் சாவியை எடுக்கும் முன் சுகர் எவ்வளவு?

அறுபது வயதுக்காரர் ஒருவர் தாம்பரத்திலிருந்து திருச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். காரை ஓட்டியது அவர்தான், பக்கத்தில் மனைவி. அதிகாலை நாலரைக்கு வண்டியை எடுக்கும்போதே காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. விக்கிரவாண்டி போய் டிபன் சாப்பிடலாம் என்பது திட்டம். முந்தைய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு சரி.

செங்கல்பட்டு அருகே ஒரு மணி நேரத்துக்கு மேல் நெரிசல். திண்டிவனம் தாண்டியபோது அவர் போட்ட இன்டிகேட்டர் அணையாமல் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்ததை மனைவி கவனித்தார். ஏசி ஓடியும் சட்டை காலரெல்லாம் ஈரம். "சுகர் குறையுதோ என்னவோ, ஓரமா நிறுத்துங்க" என்றதற்கு, "எனக்குத் தெரியாதா? சும்மா இரு" என்று சீறியிருக்கிறார். சீறுகிற ஆளே இல்லையாம். சிறிது நேரத்தில் வண்டி நடுத்தடுப்பில் உரசி நின்றது. நல்லவேளை, பின்னால் லாரி எதுவும் நெருங்கி வரவில்லை.

அங்கே கூடியவர்கள் கிரீம் பிஸ்கட் கொடுத்தார்கள், தண்ணீரில் சர்க்கரை கலந்து கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்தும் மயக்கம் தெளியவில்லை. குளுக்கோமீட்டர் டிக்கியில், பெட்டிக்குள், துணிகளுக்கு அடியில் இருந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது சுகர் 44. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றி, மாலை வரை வைத்திருந்து அனுப்பினார்கள்.

நீரிழிவு சிகிச்சை பார்க்கிற எனக்கு இது புதிய கதை இல்லை, அதுதான் ஆத்திரமாக இருக்கிறது. ஊர் மாறுகிறது, கார் ஸ்கூட்டராகிறது, மற்றபடி அதே கதை. வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் சொல்கிற வாக்கியமும் ஒன்றே: "குறைஞ்சா எனக்குத் தெரிஞ்சிடும் டாக்டர்."

தெரியாது. இதைக் கொஞ்சம் பொறுமையாகவே விளக்குகிறேன். சுகர் 70க்குக் கீழே இறங்கத் தொடங்கும்போது கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, பசி எல்லாம் வருவது உண்மைதான். ஆனால் அது நீரிழிவு வந்த புதிதில். பல வருடம் ஆன பிறகு, அதுவும் அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கு, அந்த எச்சரிக்கைகள் மழுங்கிவிடும். 65இல் வர வேண்டிய நடுக்கம் 50 ஆகியும் வராது. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபுரொலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் இன்னும் மறைந்துபோகும். அவர்களுக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான், அதையும் வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. சுகர் குறைந்தால் முதலில் அடிவாங்குவது மூளை. "எனக்கு ஏதோ சரியில்லை, வண்டியை நிறுத்த வேண்டும்" என்று முடிவெடுக்க வேண்டியதும் அதே மூளைதான். அணைந்துகொண்டிருக்கிற விளக்கிடம் வெளிச்சம் போதுமா என்று கேட்பது போல அது. அதனால்தான் அந்த மனிதர் மனைவியிடம் சீறினார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தான் நன்றாக இருப்பதாகவே அவர் மனதார நம்பினார். சுகர் ஐம்பதுக்கு வந்தவரிடம் கேட்டால் பத்துக்கு எட்டுப் பேர் "ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வார்கள் என்பது என் அனுபவம். எனவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவருடைய பதிலை நம்பவே கூடாது. காரணமில்லாத கோபம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், திருப்பத்தைத் தவறவிடுவது, வண்டி கோடு மாறி மாறிப் போவது, இவற்றை நம்புங்கள்.

உடம்பு சொல்லும் என்று காத்திருக்க முடியாது என்பதால்தான் கிளம்பும் முன் விரலில் குத்திப் பாருங்கள் என்கிறோம். இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றில் ஏதாவது சாப்பிடுகிறவர்களும் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு, அவர் பயப்பட வேண்டாம். "நான் ஊசி போடறதில்லை, மாத்திரைதானே" என்று மற்றவர்கள் நிம்மதியாக இருக்காதீர்கள். சிறுநீரகம் சற்றுப் பழுதானவர்களுக்கு, குறிப்பாக கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர்களுக்கு, வரும் லோ சில சமயம் ஊசியால் வருவதைவிட நீண்டு நிற்கும்.

எண்கள் எளிதானவை. 90க்கு மேல் இருந்தால் கிளம்பலாம். 70க்கும் 90க்கும் நடுவில் இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, மறுபடி பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். 70க்குக் கீழே என்றால் சாவியைத் தொடாதீர்கள். பிரிட்டனில் இன்சுலின் போடும் ஓட்டுநர்களுக்கு இதே அளவைத்தான் சொல்கிறார்கள். கிளம்புவதற்கு முந்தைய 2 மணி நேரத்துக்குள் பார்த்திருக்க வேண்டும், பயணத்தில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதும் அங்கே உள்ள விதி. நம் ஊரில் யாரும் கேட்கப் போவதில்லை, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

குத்துவதற்கு முன் கையைக் கழுவித் துடையுங்கள். வாழைப்பழம் உரித்த விரலில் குத்தினால் மீட்டர் 140 காட்டும், உள்ளே 65 இருக்கும். ஸ்ட்ரிப் டப்பாவை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், சூட்டில் கெட்டுப்போகும். கையில் சென்சார் ஒட்டியிருப்பவர்கள் எண்ணை மட்டும் பார்க்காமல் அம்புக்குறியையும் பாருங்கள். 100 என்று காட்டி அம்பு கீழ்நோக்கி இருந்தால் அது கிளம்பத் தகுந்த 100 அல்ல. சென்சார் இரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே சொல்லும். சந்தேகம் வந்தால் விரலில் குத்துங்கள்.

இன்னொரு வேண்டுகோள், கெஞ்சியே கேட்கிறேன். மாத்திரையை வீட்டில் போட்டுக்கொண்டு டிபனை வழியில் வைத்துக்கொள்ளாதீர்கள். கிளிமிபிரைடு உள்ளே போனால் சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் தன் வேலையைச் செய்யும், இரண்டு மூன்று மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். நெடுஞ்சாலையில் நீங்கள் வேகமெடுக்கிற நேரம் அதுதான். ஓட்டலில் தட்டு முன்னால் வந்த பிறகு மாத்திரையைப் போடுங்கள், சாப்பாட்டுக்கு முந்தைய இன்சுலினும் அப்படித்தான். ஒரு மணி நேரம் தாமதமானால் ஒன்றும் ஆகிவிடாது.

சரி, எல்லாம் செய்தும் வழியில் குறைகிறது, அல்லது குறைகிறதோ என்று தோன்றுகிறது. அடுத்த டோல்கேட் வரைக்கும், அடுத்த பெட்ரோல் பங்க் வரைக்கும் என்று இழுக்காதீர்கள். இன்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்கி நிறுத்துங்கள், எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள், இஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து மாறி உட்காருங்கள், இறங்குவதானால் வண்டிகள் போகிற பக்கம் இறங்காதீர்கள். ஸ்கூட்டர், பைக் என்றால் ஸ்டாண்ட் போட்டுவிட்டுச் சாலையை விட்டுத் தள்ளித் தரையில் உட்காருங்கள். வண்டி மேல் உட்கார்ந்தபடி மயங்கினால் வண்டியோடு சாய்வீர்கள்.

பிறகு குளுக்கோஸ் பொடி, மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். சுமார் 15 கிராம் வரும். மீட்டர் கையில் இருந்தால் முதலில் பாருங்கள், தேடிக்கொண்டிருக்க வேண்டுமென்றால் முதலில் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, இன்னும் 70க்குக் கீழே என்றால் அதே அளவு இன்னொரு முறை.

சர்க்கரை போதாதா என்று கேட்பீர்கள். வெறும் இன்சுலின் போடுகிறவருக்கும் கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கும் போதும். வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் சாப்பிடுகிறவருக்குப் போதாது. நாம் சாப்பிடும் சர்க்கரையைக் குடல் உடைத்தால்தான் அதிலிருந்து குளுக்கோஸ் இரத்தத்துக்குப் போகும். அந்த உடைப்பைத் தாமதப்படுத்துவதே இந்த மாத்திரைகளின் வேலை. திண்டிவனத்தில் சர்க்கரைத் தண்ணீர் பலிக்காததற்கு இதுதான் காரணம். நம் ஊரில் மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை எழுதுவது சர்வசாதாரணம், அதில் மூன்றாவதாக வோக்லிபோஸ் இருப்பதே பலருக்குத் தெரியாது. இன்றே அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இருந்தால் உங்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான். மருந்துக்கடையில் கிடைக்கும், விலையும் குறைவு. சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் யாருக்குமே அவசரத்துக்கு ஆகாது. அதிலுள்ள கொழுப்பு எல்லாவற்றையும் மெதுவாக்கிவிடும்.

பொடியைச் சின்னப் பொட்டலமாகக் கட்டிச் சட்டைப் பையில் வையுங்கள், ஒரு பாட்டில் தண்ணீர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கியிலோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ இருக்கிற பொடி இல்லாத பொடிதான்.

சுகர் ஏறிவிட்டது, உடனே கிளம்பலாமா? கூடாது. 90க்கு மேல் வந்த பிறகும் 45 நிமிடம் காத்திருங்கள். இரத்தத்தில் சுகர் சரியானாலும் மூளையின் நிதானமும் பிரேக் மிதிக்கிற வேகமும் திரும்பி வர அவ்வளவு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் இட்லியோ சப்பாத்தியோ சாப்பிடுங்கள். மாத்திரை இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருப்பதால், குளுக்கோஸோடு நிறுத்தினால் ஓரிரு மணி நேரத்தில் மறுபடி இறங்கும். வேறு யாராவது ஓட்டத் தெரிந்தவர் இருந்தால் அவர் ஓட்டட்டும்.

மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிடுங்கள், நீரிழிவுக்காரர், சுகர் குறைந்திருக்கலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033ஐயும் அழைக்கலாம்.

கால் டாக்சி, லாரி, பள்ளி வேன் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் இதை மருத்துவரிடம் மறைக்கிறார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் லோ வராத வகை மாத்திரைகள் இருக்கின்றன. கிளிப்டின் வகை மாத்திரைக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், பலருக்கு முடியும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். வண்டி ஓட்டுவதுதான் தொழில், எத்தனை மணிக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று சொல்ல முடியாது, எத்தனை முறை லோ வந்திருக்கிறது என்பதை மட்டும் அடுத்த முறை வரும்போது மாத்திரை அட்டையோடு வந்து சொல்லிவிடுங்கள்.