அவத்தை: வில்லில் தொங்கும் திணிவு எந்த நிலையில்?

எளிமை இசை இயக்கம் படிக்கத் தொடங்கும் உயர்தர மாணவரைத் தடுமாற வைக்கும் சொல் அவத்தை. இது அவஸ்தா என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். நிலை என்று பொருள். கோணேசர் கோயிலில் சித்தாந்தப் பேச்சுக் கேட்டவர்களுக்கு நனவு, கனவு, சுழுத்தி என்று எண்ணும் அவத்தைகள் தெரிந்திருக்கும். பேச்சு வழக்கில்தான் அவஸ்தை துன்பமாகிவிட்டது. ஆங்கிலத்தில் ஃபேஸ் என்பது தோற்றம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் நிலவின் பிறைத் தோற்றங்களைக் குறித்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கட்டம் என்கின்றன. அது காதுக்கு எளிது, ஆனால் இலங்கையில் விடைத்தாளில் அவத்தை என்றே எழுதுங்கள்.

இந்தச் சொல் எதற்குத் தேவை? வில் மாறிலி 50 N/m உள்ள வில்லில் 0.5 kg திணிவு தொங்குகிறது. சமநிலையிலிருந்து 4 cm கீழே இழுத்து விடுகிறோம். ஒரு முழு அலைவை 360° எனக் கொண்டால், அந்தக் கணத்தில் அவத்தை 0°. இயக்கத்தின் மொத்தச் சக்தி ½kA², அதாவது 0.04 J. சமநிலைக்குக் கீழே 2 cm இல் அழுத்தசக்தி 0.01 J, இயக்கசக்தி 0.03 J. பாதித் தூரத்தில் பாதிச் சக்தி என்று எழுதுவோர் வர்க்கத்தை மறந்தவர்கள்; இரண்டும் சமமாவது 2.8 cm இல்தான்.

ஆனால் அந்த 2 cm புள்ளியைத் திணிவு மேலே போகும்போதும் கடக்கிறது, கீழே வரும்போதும் கடக்கிறது. இரு முறையும் சக்திக் கணக்கு ஒன்றே. எந்தப் பக்கம் போகிறது என்பதை அவத்தைதான் சொல்லும்: மேலே போகையில் 60°, கீழே வருகையில் 300°.

அடிக்கடி பிழைப்பது இன்னோர் இடம். திணிவைத் தொங்கவிட்டதுமே வில் 10 cm நீண்டுவிடும் (g = 10 m/s²). ஆகவே கீழ் எல்லையில் உண்மையான நீட்சி 14 cm, வில்லின் சக்தி 0.49 J. 0.04 எங்கே போயிற்று என்று குழம்பத் தேவையில்லை. சமநிலைக்கு வரும்போது வில்லில் மிஞ்சுவது 0.25 J, இழந்தது 0.24 J. அதில் 0.20 J திணிவை 4 cm உயர்த்தவே செலவாகிறது. மீதி 0.04 J இயக்கசக்தி. ½kx² இல் x ஐச் சமநிலையிலிருந்து அளந்தால் ஈர்ப்பும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆய்வுகூடத்தில் அலைவை எண்ணும்போது எல்லையில் தொடங்காதீர்கள். அங்கே திணிவு மெல்லத் திரும்புவதால் கணம் பிடிபடாது. சமநிலையைக் கீழ்நோக்கிக் கடக்கையில் "பூச்சியம்" என்று சொல்லுங்கள். அதே திசையில் கடக்கும்போதெல்லாம் ஒன்று கூட்டுங்கள். 20 அலைவுக்கு ஏறக்குறைய 12.6 செக்கன் வரும். "ஒன்று" என்று தொடங்கினால் 19 அலைவைத்தான் அளந்திருப்பீர்கள். வில் மாறிலி 50க்குப் பதிலாக 55 என்று வந்து நிற்கும்.