செ.மீ. கேட்டால் அங்குலம் சொல்லும் சாட்பாட்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், பையரின் ஆங்கில மெயில்களைக் கட்டிங் மாஸ்டருக்குத் தமிழில் சுருக்கித் தர ஒரு சாட்பாட்டை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். காலையில் முதல் செய்தியிலேயே விதிகளைச் சொல்லிவிடுகிறார்: அளவெல்லாம் செ.மீ.யில், டாலரன்ஸ், அதாவது அளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அனுமதிக்கும் வித்தியாசம், ஒரு செ.மீ., பதில் ஐந்து வரிக்குள். மதியம் வரை எல்லாம் சரியாகப் போகிறது. பிறகு அமெரிக்க பையரிடமிருந்து அங்குலக் கணக்கில் ஒரு மெயில் வருகிறது. "இதை மட்டும் அப்படியே அங்குலத்துல சொல்லு" என்கிறார். அதுவும் சொல்கிறது. அடுத்த கேள்விக்கும் அங்குலம், அதற்கடுத்ததற்கும் அங்குலம். கடைசியில் போலோ எம் சைஸுக்கு "செஸ்ட் 20½ அங்குலம், டாலரன்ஸ் 1 அங்குலம்" என்று எழுதுகிறது. 52 செ.மீ. என்பது 20½ அங்குலம்தான், அதில் தவறில்லை. ஆனால் டாலரன்ஸ் 1 செ.மீ.யிலிருந்து 2.54 செ.மீ. ஆகிவிட்டது. இதை நம்பினால் 54 செ.மீ. வரும் பீஸும் செக்கிங்கில் பாஸாகிவிடும்.

"காலையிலயே சொன்னேனுங்களே, அதுக்குள்ள மறந்துருச்சா?" என்று தோன்றும். உண்மையில் அது எதையும் மறப்பதில்லை, ஏனென்றால் நினைவில் வைத்துக்கொண்டு பேசுவதே இல்லை. ஒவ்வொரு முறை நாம் அனுப்பும்போதும் பொதுவாகக் காலை முதல் நடந்த உரையாடல் முழுவதும், சாட்பாட்டுக்குள் இயங்கும் மொழி மாடலுக்கு மறுபடி போகிறது. அதைப் படித்து, இதற்கு அடுத்து எந்தச் சொல் வருவது இயல்பு என்று கணித்து எழுதுகிறது. விதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே, மாடலே அங்குலத்தில் எழுதிய மூன்று பதில்களும் இருக்கின்றன. நாலாவதைக் கணிக்கும்போது மேலே ஒருமுறை சொன்ன விதியைவிட, பக்கத்தில் வரிசையாகக் கிடக்கும் மாதிரிகள் பலமாக இழுக்கின்றன. என் பார்வையில் விலகலுக்கு முக்கியக் காரணம் இதுதான். ஒரு தடவை சறுக்கிய பதில் அடுத்த சறுக்கலுக்கு முன்மாதிரியாகிவிடுகிறது.

நீளமும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு சொல்லை எழுதும்போதும் மாடல் தன் கவனத்தை முந்தைய சொற்கள் உடைந்த துணுக்குகள் எல்லாவற்றுக்கும் பங்கிடுகிறது. பங்குகளின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்றுதான். உரையாடல் வளர வளர முதல் செய்தியின் பங்கு சுருங்கும். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, லாமா 2, ஜிபிடி-3.5 மாடல்களில் எட்டே சுற்றுக்குள் குறிப்பிடத்தக்க விலகலைக் கண்டது. புதிய மாடல்கள் இன்னும் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கின்றன, ஆனால் இழுப்பு அவற்றிலும் உண்டு.

இன்னொரு காரணம் முற்றிலும் வேறு. மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவுக்கு எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் சில செயலிகள் பழைய செய்திகளை வெட்டிவிடும் அல்லது சுருக்கிவிடும். தமிழில் பேசினால் இந்த எல்லை சீக்கிரம் வரும், ஏனெனில் ஒரு தமிழ்ச் சொல் ஆங்கிலச் சொல்லைவிடப் பொதுவாக அதிகத் துணுக்குகளாக உடைகிறது.

விதி அமுங்கிப் போயிருக்கிறதா, வெட்டுப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, "நான் முதலில் கொடுத்த விதிகளைச் சொல் மாறாமல் எழுது" என்று கேளுங்கள். வந்ததை உங்கள் முதல் செய்தியோடு ஒப்பிடுங்கள். சொல்லுக்குச் சொல் பொருந்தினால் விதி கண்ணுக்கு எட்டும் இடத்தில்தான் இருக்கிறது, பழக்கம்தான் அதை அமுக்குகிறது. ஏறக்குறைய அதே போல, ஆனால் ஒரு விதி குறைந்தோ வேறு சொற்களிலோ வந்தால், அது வெட்டுப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இல்லாததை ஊகித்து நிரப்புவது மாடலுக்குக் கைவந்த வேலை.

திருத்தும்போது "நான் முன்னாடியே சொன்னேன்ல?" என்று கேட்பதால் அதிகம் பயனில்லை. அது மன்னிப்புக் கேட்டு ஒரு பதிலைச் சரியாகத் தரும், பிறகு பழைய தடத்துக்கே போய்விடும். விதியை முழுதாக, கடைசிச் செய்தியில், வேலையோடு சேர்த்தே எழுத வேண்டும். இப்படி:

"இனி எல்லா அளவும் செ.மீ.யில் மட்டும். டாலரன்ஸ் 1 செ.மீ. மேலே அங்குலத்தில் தந்த பதில்கள் அந்த ஒரு மெயிலுக்கான விதிவிலக்கு, அவற்றைப் பின்பற்றாதே. மாதிரி: எம் சைஸ், செஸ்ட் 52 செ.மீ., டாலரன்ஸ் ±1 செ.மீ. இதே வடிவில் எல் சைஸுக்கு எழுது."

இதில் அந்த மாதிரி வரிதான் அதிகம் வேலை செய்கிறது. தவறான மாதிரிகளுக்குப் பக்கத்தில் சரியான ஒன்றை, அதுவும் கடைசியாக, வைக்கிறோம். "அங்குலம் வேண்டாம்" என்று மட்டும் நிறுத்தாமல் என்ன வேண்டும் என்பதைச் சொல்வதும் அதற்காகத்தான்.

இதைவிடச் சுத்தமான வழி, செயலி அனுமதித்தால், சறுக்கல் தொடங்கிய இடத்துக்கே போய் நம் செய்தியைத் திருத்தி மறுபடி அனுப்புவது. அதற்குக் கீழே இருந்த பதில்கள் அங்கிருந்து புதிதாகப் பிரியும் கிளையில் இருக்காது, அதனால் இழுக்கவும் இழுக்காது. விதி வெட்டுப்பட்டிருந்தாலோ, இரண்டு முறை திருத்தியும் திரும்பினாலோ, புதிய உரையாடல் தொடங்கி விதிகளையும் இதுவரை முடிவான அளவுகளையும் மேலே ஒட்டிவிடுங்கள். ஸ்டைலுக்கு ஓர் உரையாடல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பையரின் அங்குலம் இன்னொரு பையரின் ஸ்பெக்கில் நுழைய வழியிருக்காது. அப்போதும் கட்டிங் டேபிளுக்குப் போகும் எண்களை பையர் அனுப்பிய ஸ்பெக் ஷீட்டோடு ஒருவர் ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும்.